கையெழுத்துக்கு முன் இன்னொரு கண்: ஆடிட் நிறுவனத்துக்குள் ஈக்யூஆர் நடக்கும் விதம்

ஆடிட் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் ஈக்யூஆர் என்ற பெயரை முதலில் கேட்பது வேலை முடியப்போகும் வாரத்தில்தான். "ரிவ்யூவர் இன்னும் முடிக்கலை, ரிப்போர்ட்ல தேதி போடாதீங்க" என்று மேனேஜர் சொல்வார். அதுவரை பெயரே கேள்விப்படாத ஒருவர் மொத்த டீமையும் நிறுத்தி வைத்திருப்பதுபோல் தோன்றும். எனக்கும் அப்படித்தான் அறிமுகமானது. நான் எழுதிய ஒரு வொர்க்கிங் பேப்பரில் "நிர்வாகத்துடன் பேசினோம், அனுமானம் நியாயமாக உள்ளது" என்று ஒரே வரி இருந்தது. ரிவ்யூவர் அந்த வரியின் பக்கத்தில் "எதனால்?" என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தார். பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஃபைலில் மட்டும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் எழுத மூன்று நாள் ஆனது.

என்கேஜ்மென்ட் குவாலிட்டி ரிவ்யூ என்பதன் சுருக்கம்தான் ஈக்யூஆர். அது எங்கிருந்து வருகிறது, யார் செய்கிறார், எதைப் பார்க்கிறார், எப்போது முடிகிறது, அதற்கு ஜூனியர் என்ன தயார்செய்து வைக்க வேண்டும் என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன். நடுவில் ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். கணக்கும் ஆட்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் அதில் வரும் தவறு ஃபைல்களில் உண்மையாகவே வருகிற தவறு.

முதலில், இது எதன் ஒரு பகுதி

ஆடிட் நிறுவனம் தன் வேலையின் தரத்தைத் தானே நிர்வகிக்க வேண்டும் என்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்க்யூஎம் 1. பழைய ஐஎஸ்க்யூசி 1 என்ற தரநிலையின் இடத்துக்கு அது வந்தது. ஆடிட் தரநிலைகளை வகுக்கும் சர்வதேச வாரியமான ஐஏஏஎஸ்பி 2020 டிசம்பரில் அதை வெளியிட்டது. 2022 டிசம்பர் 15-க்குள் நிறுவனங்கள் தங்கள் அமைப்பை வடிவமைத்துச் செயல்படுத்தியிருக்க வேண்டும் என்று கெடு வைத்தது. பழைய முறையில் கொள்கைகளையும் நடைமுறைகளையும் எழுதி வைப்பதுதான் முன்னால் நின்றது. புதிய முறை வேறு கேள்வியில் தொடங்குகிறது: நம் நிறுவனத்தில், நம் கிளையன்ட்களோடு, தரம் எங்கே வழுக்கக்கூடும்? அந்த அபாயங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் நடவடிக்கை வைக்க வேண்டும்.

அப்படி வைக்கும் பதில்களில் ஒன்றுதான் ஈக்யூஆர். அது யாருக்குக் கட்டாயம் என்பதை ஐஎஸ்க்யூஎம் 1 சொல்கிறது: பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆடிட், சட்டமோ ஒழுங்குமுறையோ கேட்கிற வேலைகள், பிறகு அபாயத்தைக் கருதி ஆடிட் நிறுவனமே தேவை என்று முடிவுசெய்கிற வேலைகள். மூன்றாவது வகையைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். கிளையன்ட் பட்டியலிடப்படாத நிறுவனமாக இருக்கலாம். ஆனாலும் தொடர்ந்து இயங்குமா என்ற சந்தேகம் பெரிதாக இருந்தால், அல்லது அந்தத் துறையே டீமுக்குப் புதிது என்றால், நிறுவனத்தின் கொள்கை ஈக்யூஆர் கேட்கலாம். வேலை தொடங்கும்போதே "இதற்கு ஈக்யூஆர் உண்டா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் செய்வது என்பது ஐஎஸ்க்யூஎம் 2 என்ற தனித் தரநிலையில் இருக்கிறது. என்கேஜ்மென்ட் பார்ட்னரின் பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பது திருத்தப்பட்ட ஐஎஸ்ஏ 220-இல் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் யார் பொறுப்பு எங்கே முடிகிறது என்று தெளிவாகும்.

படி 1: ரிவ்யூவர் யார், ஏன் அவர்

ரிவ்யூவரை என்கேஜ்மென்ட் பார்ட்னர் தேர்ந்தெடுப்பதில்லை. நியமிக்கும் பொறுப்பை நிறுவனம் வேறொருவரிடம் கொடுத்திருக்கும். தன் வேலையைச் சோதிப்பவரைத் தானே தேர்ந்தெடுத்தால் சோதனையின் அர்த்தமே போய்விடும். மிகச் சிறிய நிறுவனங்களில் இதை முழுதாகப் பின்பற்றுவது சிரமம் என்பதைத் தரநிலையும் ஏற்கிறது. உள்ளே தகுதியானவர் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தவும் இடம் தருகிறது.

ரிவ்யூவர் அந்த ஆடிட் டீமில் இருக்கக் கூடாது. அந்தத் துறையையும் கணக்கியல் விதிகளையும் அறிந்தவராக இருக்க வேண்டும். பார்ட்னரிடம் "இது சரியில்லை" என்று சொல்லும் அளவுக்கு நிறுவனத்துக்குள் மதிப்பும் வேண்டும். இவற்றோடு தரநிலை இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேட்கிறது: போதிய நேரம். தகுதியுள்ள ஒருவரை நியமித்துவிட்டு, அதே மாதத்தில் அவர் தலையில் ஐந்து ஃபைல்களைச் சுமத்தினால் அந்த நியமனம் பெயரளவில்தான்.

நேற்றுவரை அந்த கிளையன்ட்டின் என்கேஜ்மென்ட் பார்ட்னராக இருந்தவர் இன்று ரிவ்யூவராக முடியாது. குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். காரணம் எளிது. சென்ற ஆண்டு அவரே ஏற்றுக்கொண்ட ஒரு முடிவை இந்த ஆண்டு டீம் தொடர்ந்தால், அதைக் கேள்வி கேட்பது தன்னையே கேள்வி கேட்பதாகிவிடும். பொதுநலன் சார்ந்த நிறுவனங்களில் ரிவ்யூவராக இருப்பதற்கும் வரம்பு உண்டு. கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறை வாரியமான ஐஇஎஸ்பிஏ வகுத்த நெறிமுறைப்படி மொத்தம் 7 ஆண்டுகள் ஆனதும் 3 ஆண்டுகள் விலகி இருக்க வேண்டும்.

ரிவ்யூவருக்கு உதவியாளர்கள் இருக்கலாம். அவர்களும் டீமைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் பார்த்தாலும் பொறுப்பு ரிவ்யூவருடையது.

படி 2: திட்டமிடும்போதே அவரை உள்ளே கொண்டுவருவது

ஈக்யூஆர் கடைசியில் நடக்கும் ஒரு சோதனை என்ற எண்ணம்தான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ரிவ்யூவர் தன் வேலையை ஆடிட்டின் பொருத்தமான கட்டங்களில் செய்ய வேண்டும் என்றுதான் ஐஎஸ்க்யூஎம் 2 சொல்கிறது. நடைமுறையில் குறைந்தது மூன்று இடங்களில் அவர் வர வேண்டும். ஒன்று திட்டமிடல் முடியும்போது: எது பெரிய அபாயம், மெட்டீரியாலிட்டி எவ்வளவு, எந்த நிபுணர் தேவை என்பவை. இரண்டாவது, பெரிய மதிப்பீடுகளில் டீம் ஒரு முடிவுக்கு வரும்போது. மூன்றாவது, நிதிநிலை அறிக்கையும் ஆடிட் ரிப்போர்ட்டும் வரைவாகத் தயாரானபோது.

திட்டமிடலில் அவர் வராவிட்டால் என்ன நடக்கும்? ஒரு முக்கியமான அபாயத்தை டீம் சாதாரணமானது என்று வகைப்படுத்தியிருந்தால், கடைசி வாரத்தில் அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. செய்யாமல் விட்ட சோதனையைச் செய்ய அப்போது நேரம் இருக்காது. அவரும் மனிதர்தான். தேதி நெருங்கியிருக்கும், கிளையன்ட்டின் போர்டு கூட்டம் நாளை மறுநாள் இருக்கும். அந்த அழுத்தத்தில் "ஏற்கலாம்" என்று சொல்வது எளிதாகிவிடும்.

முன்கூட்டியே வருவதில் ஒரு அபாயமும் உண்டு. டீம் அடிக்கடி அவரிடம் போய் "இதை எப்படிச் செய்யலாம் சார்?" என்று கேட்கத் தொடங்கினால், அவர் மெதுவாக டீமின் ஒரு உறுப்பினராகிவிடுவார். பிறகு தான் சொன்ன யோசனையைத் தானே மதிப்பிட வேண்டி வரும். ஆகவே கலந்தாலோசனை வேண்டுமென்றால் நிறுவனத்தின் டெக்னிக்கல் பிரிவிடம் போங்கள். ரிவ்யூவரிடம் போகும்போது "நாங்கள் இப்படி முடிவு செய்திருக்கிறோம், காரணம் இது" என்று போங்கள்.

படி 3: அவர் உண்மையில் எதைப் பார்க்கிறார்

முழு ஃபைலையும் அல்ல. கடன்தாரர் உறுதிப்படுத்தல் கடிதங்களை எண்ணுவதும், கூட்டல் சரிபார்ப்பதும் அவர் வேலை இல்லை. அவை மேனேஜரும் பார்ட்னரும் செய்ய வேண்டிய ரிவ்யூ. வேலை முழுதும் தரநிலைப்படி நடந்ததா என்று சான்றளிப்பதும் அவர் பொறுப்பு அல்ல. டீம் எடுத்த முக்கியமான தீர்ப்புகளையும், அவற்றிலிருந்து வந்த முடிவுகளையும் வெளியில் நின்று மதிப்பிடுவதுதான் அவர் வேலை.

அதற்காக அவர் பார்ட்னரோடும் டீமோடும் பேசுவார். தீர்ப்புகள் தொடர்பான ஆவணங்களைத் தேர்ந்தெடுத்துப் படிப்பார். படிக்கும்போது அவர் மனதில் மூன்று கேள்விகள் இருக்கும். இந்தத் தீர்ப்புக்கு அடிப்படை என்ன, அதில் சந்தேகக் கண் இருந்ததா? முடிவை ஃபைலில் உள்ள ஆவணம் தாங்குகிறதா? முடிவே சரியா? இரண்டாவதும் மூன்றாவதும் தனித்தனி என்பதைக் கவனியுங்கள். முடிவு சரியாக இருந்தும் ஃபைல் அதைத் தாங்காமல் போகலாம். என் "நியாயமாக உள்ளது" வரி அந்த வகை.

இவை தவிர, டீம் சுதந்திரமாக இருந்தது என்று பார்ட்னர் எந்த அடிப்படையில் தீர்மானித்தார், சிக்கலான விஷயங்களில் தேவையான கலந்தாலோசனை நடந்ததா, வேலை முழுவதிலும் பார்ட்னர் போதுமான அளவு ஈடுபட்டாரா என்பவற்றையும் பார்ப்பார். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பார்ட்னரின் மணிநேரம் எல்லாம் கடைசி வாரத்தில் குவிந்திருந்தால், அவருடைய ரிவ்யூ குறிப்புகள் எல்லாம் ஒரே மாலையில் பதிவாகியிருந்தால், கேள்வி தானாக எழும்.

படி 4: ஒரு கணக்கைக் கூடவே போட்டுப் பார்ப்போம்

பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தொழிலை வாங்கியது. அந்தப் பிரிவின் புத்தக மதிப்பு இப்போது 400 கோடி. அதில் குட்வில் 120 கோடி. குட்வில்லை ஆண்டுதோறும் மதிப்பிழப்புக்குச் சோதிக்க வேண்டும் என்பது ஐஏஎஸ் 36. அந்தப் பிரிவு வருங்காலத்தில் கொண்டுவரும் பணத்தின் இன்றைய மதிப்பு, விற்றால் செலவு போகக் கிடைக்கும் தொகை, இவற்றில் பெரியது 400-க்குக் கீழே போனால் வித்தியாசத்தை நட்டமாக எழுத வேண்டும். இங்கே முதலாவதுதான் பெரியது என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டின் மெட்டீரியாலிட்டி 15 கோடி.

நிர்வாகத்தின் கணக்கு இப்படி: முதல் ஆண்டு பணவரவு 30 கோடி, அது ஐந்தாம் ஆண்டுவரை ஆண்டுக்கு 9 சதவீதம் வளரும், அதற்குப் பிறகு 4 சதவீதம், தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். போட்டுப் பார்த்தால் 439 கோடி வருகிறது. 400-ஐவிட 39 கோடி அதிகம். ஆகவே மதிப்பிழப்பு இல்லை என்கிறது நிர்வாகம்.

டீம் இதைச் சும்மா ஏற்கவில்லை. இரண்டு அனுமானங்களை அசைத்துப் பார்த்தது. தள்ளுபடி விகிதத்தை 13 ஆக்கினால் மதிப்பு 389 ஆகிறது, 11 கோடி குறைவு. வளர்ச்சியை 5 சதவீதமாக இறக்கினால் 387 ஆகிறது, 13 கோடி குறைவு. இரண்டுமே 15-க்குக் கீழே. "அனுமானங்களில் நியாயமான மாற்றம் ஏற்பட்டாலும் விளைவு மெட்டீரியாலிட்டியைத் தாண்டவில்லை" என்று எழுதி பார்ட்னரும் ஒப்புக்கொண்டார்.

வொர்க்கிங் பேப்பர் பார்க்க அழகாக இருந்தது. அட்டவணை, மூலம், கையெழுத்து எல்லாம் இருந்தன. ரிவ்யூவர் அதைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகள் அனுப்பினார்.

முதல் கேள்வி: "இரண்டும் சேர்ந்து நடந்தால்?"

டீம் போட்டுப் பார்த்தது. வளர்ச்சி 5, விகிதம் 13 என்றால் மதிப்பு 344 கோடி. குறைவு 56 கோடி. 11-ம் 13-ம் எப்படி 56 ஆனது என்று ஜூனியர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தனித்தனியாகச் சோதித்தபோது மதிப்பு ஒருமுறை 50 கோடி, இன்னொரு முறை 52 கோடி இறங்கியது. இரண்டு முறையும் அதே 39 கோடி உபரி மெத்தையாகக் கிடந்து அடியைத் தாங்கிக்கொண்டது. சேர்த்து அசைத்தபோது இறக்கம் 95 கோடி. மெத்தை ஒன்றுதான், ஒருமுறைதான் தாங்கும். அதோடு, 439-இல் ஏறத்தாழ 312 கோடி ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்தைய காலத்திலிருந்து வருகிறது. இரண்டு அனுமானங்களில் எது கொஞ்சம் மாறினாலும் அந்தப் பகுதி பெரிதாக அசையும்.

இரண்டாவது கேள்வி இன்னும் எளிமையானது: "5 சதவீதம் என்பது மோசமான நிலையா, நடக்கக்கூடிய நிலையா?" கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரிவு உண்மையில் வளர்ந்தது 5, 3, 4 சதவீதம். டீம் தன் "பாதகமான சோதனை"க்கு எடுத்த எண், கடந்த மூன்றில் மிகச் சிறந்த ஆண்டின் எண். இந்த மூன்று எண்களும் ஃபைலில்தான் இருந்தன, வேறொரு வொர்க்கிங் பேப்பரில். இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அவர் ஃபைலைத் தொடர்ந்து படித்ததில் மூன்றாவதாக ஒன்று அகப்பட்டது. ஆடிட் நிறுவனத்தின் மதிப்பீட்டு நிபுணர் கொடுத்த குறிப்பில், தள்ளுபடி விகிதத்துக்கு நியாயமான எல்லை 12.2 முதல் 12.8 வரை என்று இருந்தது. நிர்வாகம் எடுத்தது 12. "வித்தியாசம் சிறிது, ஏற்கலாம்" என்று டீம் ஓரத்தில் எழுதியிருந்தது. சொந்த நிபுணர் கொடுத்த எல்லைக்கு வெளியே ஒரு எண்ணை ஏற்பதற்கு அந்த ஒரு வரி போதாது.

இங்கே ரிவ்யூவர் செய்யாததைக் கவனிக்க வேண்டும். "வளர்ச்சியை இவ்வளவாக வையுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. கேள்விகளை வைத்தார், இந்த முடிவு சரியா என்பதில் தனக்குள்ள கவலையைப் பார்ட்னரிடம் சொன்னார். பதில் தேடுவது டீமின் வேலை. டீம் நிர்வாகத்திடம் திரும்பிப் போனது. 9 சதவீதத்துக்கு ஆதாரம் கேட்டது. கையெழுத்தான ஒப்பந்தங்கள் இருந்தன, ஆனால் அவை தாங்கியது 6 சதவீத வளர்ச்சியைத்தான். மீதி, பேச்சுவார்த்தையில் இருந்த ஆர்டர்கள். விகிதத்தில் நிர்வாகம் நிபுணரின் எல்லையின் நடுவுக்கு, 12.5-க்கு வந்தது. புதிய கணக்கில் மதிப்பு 376 கோடி. 24 கோடி மதிப்பிழப்பு பதிவானது, குட்வில் 120-லிருந்து 96 ஆனது. மெட்டீரியாலிட்டியைவிட 9 கோடி அதிகமான ஒரு பிழை, ரிப்போர்ட் வெளியே போவதற்கு முன் சரியானது.

மதிப்பிழப்பைப் பதிந்ததோடு வேலை முடியவில்லை. நட்டம் எழுதிய பிறகு உபரி பூஜ்யம், அனுமானம் கொஞ்சம் சரிந்தாலும் இன்னொரு நட்டம் வரும். அதை வாசகருக்குச் சொல்லும் குறிப்பு நிதிநிலை அறிக்கையில் சேர்க்கப்பட்டது. ஆடிட் ரிப்போர்ட்டில் இந்த விஷயத்தைக் கீ ஆடிட் மேட்டராக எழுதியிருந்த பத்தியும் மாற வேண்டியிருந்தது. பழைய பத்தி எந்த நிறுவனத்துக்கும் பொருந்துவதுபோல் இருந்தது. அறிக்கைகளையும் ரிப்போர்ட் வரைவையும் ரிவ்யூவர் மறுபடி படித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள்.

படி 5: ஒத்துப்போகாவிட்டால்

எல்லா முறையும் டீம் இப்படி ஏற்றுக்கொள்ளாது. பார்ட்னர் தன் முடிவில் உறுதியாக நிற்கலாம், அதற்கு அவருக்கு நல்ல காரணமும் இருக்கலாம். அப்போது ரிவ்யூவர் தன் கவலையைப் பார்ட்னரிடம் தெரிவிக்க வேண்டும். தான் திருப்தியடையும் அளவுக்கு அது தீரவில்லையென்றால், ரிவ்யூவை முடிக்க இயலாது என்று நிறுவனத்தில் அதற்குப் பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். அங்கிருந்து நிறுவனத்தின் கருத்து வேறுபாட்டு நடைமுறை தொடங்கும். பெரும்பாலும் டெக்னிக்கல் பிரிவோ மூத்த பார்ட்னர்கள் அடங்கிய ஒரு குழுவோ கேட்டு முடிவு சொல்லும்.

இதைச் சண்டையாகப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதனால் கருத்து வேறுபாட்டை ஃபைலில் எழுதாமல் வாய்ப்பேச்சில் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் எழுதிய கருத்தை அழித்துவிட்டு இறுதி முடிவை மட்டும் வைத்தால், பின்னால் ஃபைலைத் திறப்பவருக்கு எதிர்க் கருத்து எப்படிப் பரிசீலிக்கப்பட்டது என்பதே தெரியாது. எழுப்பிய விஷயம், கொடுத்த பதில், அதற்கான ஆதாரம், முடிவு, எல்லாம் வரிசையாக இருக்கட்டும்.

ரிவ்யூவர் பங்கேற்றதால் பார்ட்னரின் பொறுப்பு குறைவதில்லை. "ரிவ்யூவரே பார்த்துவிட்டார்" என்பது எந்த விசாரணையிலும் பதிலாகாது.

படி 6: தேதி

புதியவர்கள் கண்டிப்பாக மனதில் வைக்க வேண்டிய விதி இது. ரிவ்யூ முடிந்தது என்று ரிவ்யூவர் தெரிவிக்கும்வரை பார்ட்னர் ஆடிட் ரிப்போர்ட்டுக்குத் தேதியிடக் கூடாது. ரிப்போர்ட்டின் தேதி என்பது வெறும் நாள் அல்ல, அந்த நாள்வரை போதுமான ஆதாரம் திரட்டி முடிவுக்கு வந்துவிட்டோம் என்ற அறிவிப்பு. ரிவ்யூவரின் கேள்வி நிலுவையில் இருக்கும்போது முடிவுக்கு வந்ததாகச் சொல்ல முடியாது.

ஆகவே ரிப்போர்ட் அச்சாகும் முன் மூன்று தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ரிவ்யூவரின் கடைசிக் கேள்வி மூடப்பட்ட தேதி, ரிவ்யூ முடிந்ததாக அவர் தெரிவித்த தேதி, ரிப்போர்ட்டின் தேதி. இந்த வரிசை தலைகீழாக இருந்தால் உடனே மேனேஜரிடம் சொல்லுங்கள். மின்னணு ஃபைலில் ஒவ்வொரு பதிவுக்கும் நேரமுத்திரை இருக்கிறது. பின்னால் ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. மேலே சொன்ன கணக்கில் ரிப்போர்ட் ஒன்பது நாள் தள்ளிப்போனது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்பது நாளும் ஃபைலில் நேர்மையாகத் தெரிய வேண்டும்.

ரிவ்யூ முடிந்ததாக அவர் சொன்ன பிறகு, ரிப்போர்ட் போவதற்கு முன், புதிதாக ஏதாவது தெரியவந்தால்? ஒரு பெரிய வாடிக்கையாளர் திவாலானார் என்ற செய்தி வருகிறது என்றால், அது டீமின் முக்கியத் தீர்ப்பை மாற்றக்கூடியது. மறுபடி ரிவ்யூவரிடம் போக வேண்டும். "அவர்தான் முடித்துவிட்டாரே" என்று கடந்து போகக் கூடாது.

உங்கள் பங்கில் ஃபைலில் இருக்க வேண்டியவை

ஜூனியருக்கு ரிவ்யூவரோடு நேரடிப் பேச்சு குறைவாகவே இருக்கும். ஆனால் அவர் படிப்பது நீங்கள் எழுதியதை. ஒரு தீர்ப்பைப் பற்றி எழுதும்போது, அந்த கிளையன்ட்டைப் பற்றி எதுவும் தெரியாத அனுபவசாலி ஒருவர் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் சொன்னது என்ன, அதற்கு ஆதரவாக நாம் கண்டது என்ன, எதிராகக் கண்டது என்ன, எதிரானதை ஏன் ஒதுக்கினோம் என்பவை வேண்டும். பெரும்பாலான ஃபைல்களில் மூன்றாவது இருக்காது. மேலே பார்த்த கணக்கிலும் அதுதான் விடுபட்டது: 5, 3, 4 என்ற எண்கள் நிர்வாகத்தின் 9-க்கு எதிரான ஆதாரம். அவற்றை குட்வில் வொர்க்கிங் பேப்பரிலேயே எழுதியிருந்தால், ரிவ்யூவர் கேட்பதற்கு முன் டீமே கேட்டிருக்கும்.

ரிவ்யூவரின் பதிவும் ஃபைலில் சேர வேண்டும்: அவர் பெயர், உதவியாளர்கள் பெயர், எந்தெந்த ஆவணங்களைப் படித்தார், எழுப்பிய கவலைகள், முடித்த தேதி. "அனைத்தும் பார்த்தேன்" என்ற பொதுவான வரி போதாது. குட்வில் ரிவ்யூவில் எந்த வொர்க்கிங் பேப்பரின் எந்தப் பதிப்பைப் படித்தார் என்பது தெரிய வேண்டும், ஏனென்றால் அவர் படித்த பிறகு அது மாறியிருக்கிறது.

ஒரு ஈக்யூஆர் பெயரளவில் நடந்ததா என்று கண்டுபிடிக்க என் அளவுகோல் சில உண்டு. ரிவ்யூவரின் மணிநேரம் எல்லாம் ஒரே நாளில் இருக்கும். கேள்விகள் எழுத்துப்பிழை, பக்க எண், குறுக்குக் குறிப்பு பற்றியே இருக்கும். எந்தக் கேள்வியாலும் ஃபைலில் ஒரு எண்ணோ ஒரு வாசகமோ மாறியிருக்காது. ஒரு ஃபைலில் அப்படி இருந்தால் தற்செயலாக இருக்கலாம். ஒரே ரிவ்யூவரின் பல ஃபைல்களில் அப்படியே இருந்தால் அது தற்செயல் அல்ல.

ரிப்போர்ட் போன பிறகு

ஈக்யூஆர் ஒரு வேலையோடு முடிகிறது, நிறுவனத்தின் தர நிர்வாகம் முடிவதில்லை. முடிந்த ஃபைல்களை நிறுவனம் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்யும். ஒவ்வொரு என்கேஜ்மென்ட் பார்ட்னருக்கும் சுழற்சி முறையில் குறைந்தது ஒரு ஃபைல் பார்க்கப்படும். அதில் குறை கண்டால் மூல காரணத்தைத் தேட வேண்டும். முழு அமைப்பும் அதன் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என்று தலைமைப் பொறுப்பில் உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிட்டு முடிவு சொல்ல வேண்டும்.

நம் குட்வில் கணக்கை இந்த இடத்துக்குக் கொண்டுவருவோம். ரிவ்யூவர் பிடித்ததால் அந்த ரிப்போர்ட் தப்பியது. ஆனால் ஆய்வுக் குழு வேறு இரண்டு ஃபைல்களைத் திறந்தபோது அங்கேயும் அனுமானங்கள் ஒவ்வொன்றாகத்தான் அசைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஈக்யூஆர் தேவைப்படவில்லை, ஆகவே பிடிக்க ஆளும் இல்லை. ஏன் எல்லோரும் ஒரே மாதிரி செய்தார்கள் என்று தேடினால், "ஜூனியர்களுக்குப் பயிற்சி போதவில்லை" என்று எழுதி முடித்துவிடுவது எளிது. ஆய்வுக் குழு இன்னும் ஒரு கேள்வி கேட்டது: இந்த அட்டவணையை முதலில் வரைந்தது யார்? நிறுவனத்தின் பொது டெம்ப்ளேட். அதில் வளர்ச்சிக்கு ஒரு பத்தி, தள்ளுபடி விகிதத்துக்கு ஒரு பத்தி, இரண்டும் சேர்ந்ததற்கு இடமே இல்லை. கடந்தகால வளர்ச்சியை எழுதவும் இடம் இல்லை.

டெம்ப்ளேட்டில் இரண்டு பத்திகள் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டின் திட்டமிடலுக்கு முன் எல்லா டீம்களுக்கும் அது போனது. ஈக்யூஆர் இல்லாமல் ஏற்கெனவே வெளியான அந்த ஒரு ரிப்போர்ட்டுக்கு அடிப்படையான கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் வேலையை அதன் பார்ட்னர் அதே வாரம் தொடங்கினார்.